ஓட்டு வீட்டுக் கூரை மாற்ற மாதத் தவணையில் பணம் சேர்ப்பது எப்படி: அப்பத்தா போட்ட கணக்கு

காரைக்குடிப் பக்கம் எங்கள் அப்பத்தா வீடு மங்களூர் ஓடு போட்டது. கூரை வேலைக்கு வட்டிக்கு வாங்கக் கூடாது என்பதில் அப்பத்தா உறுதியாக இருந்தார். ஒரு பசு மாட்டுப் பாலை நம்பியே இரண்டு வருடத்தில் சேர்த்தார்.

1. கூரையைப் பாருங்கள். பகலில் கதவு, சன்னலைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வெளிச்சம் வரும் இடத்தில் ஓடு உடைந்தோ விலகியோ இருக்கும். அப்புறம் ரீப்பர் சட்டத்தில் ஒரு ஆணியால் குத்துங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையான் தின்றுவிட்டது. விட்டமே அப்படி இருந்தால் தவணை கட்டிக் காத்திருக்க முடியாது, உடனே தச்சரைக் கூப்பிடுங்கள்.

2. தொகையைப் பிரித்து எழுதுங்கள். அப்பத்தாவுக்குத் தச்சர் சொன்னது: சட்டம் 15,000, ஓடு 8,000, கூலி 13,000. மொத்தம் 36,000 ரூபாய். 24 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,500, அதாவது நாளுக்கு 50.

3. எங்கே போடுவது? இங்கேதான் நிதானம் வேண்டும். அப்பத்தா முதலில் கேட்டது தபால் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு. நல்ல திட்டம்தான், ஆனால் அதன் காலம் ஐந்து வருடம். மூன்று வருடம் முடியாமல் கணக்கை மூட முடியாது. மூன்றுக்குப் பிறகு மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். இரண்டு வருடத்தில் ஓடு மாற்ற வேண்டியவருக்கு அது சரிப்படாது. அதனால் வங்கியில் 24 மாத ஆர்.டி.யே என் தேர்வு. மூத்த குடிமக்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் அரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன, கேட்டு வாங்குங்கள்.

தொடங்கும் மாதமும் முக்கியம். பங்குனியில் தொடங்கினால் பங்குனியிலேயே முதிரும். சித்திரை வெயிலில் ஓட்டைப் பிரிக்கலாம். ஐப்பசியில் பணம் வந்தால் மழையில் கூரையைத் திறக்க முடியுமா?

4. மாடு கறக்காத மாதங்கள். கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றிவிடும், தவணை வற்றாது. அதனால் பால் நிறைய இருந்தபோது அப்பத்தா நாளுக்கு 70 ரூபாயாகச் சம்படத்தில் போட்டார். 50 போக மாதம் 600 மிஞ்சியது. ஐந்து மாதத்தில் 3,000, வற்றிய இரண்டு மாதத்துக்கும் தவணை தயார். இந்தச் சம்படப் பணத்தை வேறு செலவுக்கு எடுக்க யாரையும் அவர் விடவில்லை.

5. வட்டியைத் தொடாதீர்கள். ஆறரை சதவீதத்தில் சுமார் 2,500 ரூபாய் வட்டி வந்தது. இரண்டு வருடத்தில் மர விலை ஏறியிருந்ததால் அது சட்டத்துக்கே சரியாகப் போனது.

பின்சேர்க்கை: தபால் ஆபீஸில் ஏற்கெனவே ஆர்.டி. தொடங்கிவிட்டேன், என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். 12 தவணை கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தால், இருப்பில் பாதிவரை கடன் எடுக்கலாம். அந்தப் பணத்தில் ஒழுகும் பக்கத்தை மட்டும் இந்தச் சித்திரையில் மாற்றிவிட்டு, தவணையை விடாமல் கட்டுங்கள்.