டெலிவரி லேட்டானதுக்கு மன்னிப்பு மெயில்: காலம் மாறினா அர்த்தமே மாறிடும்

மன்னிப்பு மெயில்ல எழுத்துப்பிழை இருந்தா கூட கிளையண்ட் கண்டுக்க மாட்டார், ஆனா வினைச்சொல்லோட காலம் தப்பா இருந்தா உடனே போன் அடிப்பார். ஸ்பெல்செக் இதைப் பிடிக்காது, ஏன்னா ஒவ்வொரு சொல்லும் தனியா பார்த்தா சரியாத்தான் இருக்கும். இந்த டிராஃப்டைப் பாருங்க:

"12ஆம் தேதி தர வேண்டிய சரக்கில் தவிர்க்க முடியாத காரணங்களால் சிறு தாமதம் ஏற்பட்டிருந்தது. நேற்று கூரியரில் அனுப்பியிருந்தோம். இதனால் ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். ஒத்துழைப்புக்கு நன்றி."

முதல்ல 'அனுப்பியிருந்தோம்'. இதைப் படிச்சதும் "அனுப்பியிருந்தீங்க, சரி, அப்புறம் என்னாச்சு, திரும்பி வந்துடுச்சா?"னு தோணும், ஏன்னா இந்த வடிவம் வந்தா பின்னாடி ஒரு 'ஆனா' வரும்னு நமக்குப் பழக்கம். 'அனுப்பிவிட்டோம்'னு போட்டா விஷயம் முடிஞ்சுது. அதே மாதிரிதான் 'ஏற்பட்டிருந்தது'ங்கறதும், சரக்கு இன்னும் அவர் கைக்கே போகல, ஆனா தாமதம் என்னமோ பழைய கதை மாதிரி ஒலிக்குது. 'நேற்று'ங்கறதையும் எடுத்துடுங்க, புதன்கிழமை எழுதின டிராஃப்ட் மேனேஜர் ஓகே சொல்லி வியாழக்கிழமை போச்சுன்னா அந்த நேற்று வேற நாளாயிடும். தேதியே போடுங்க.

அடுத்தது சொல் தேர்வு. இதுல பெரிய தப்பு 'ஏற்பட்டிருந்தால்'. சரக்கு வராம அவர் வேலை நின்னு போச்சுன்னு நமக்கே தெரியும், அப்புறம் என்ன 'ஆல்'? மன்னிப்பையே சந்தேகத்துல தொங்கவிடுது. 'தாமதம் ஏற்பட்டது'ன்னா அது தானா வந்த மாதிரி இருக்கு, 'தாமதப்படுத்திவிட்டோம்'னா நாம ஒத்துக்கறோம். இங்க தாமதத்துக்கு நிஜக் காரணம் லேபிள் பிரிண்ட் தப்பானது, அதை 'தவிர்க்க முடியாத காரணம்'னு எழுதாதீங்க, அது தவிர்த்திருக்கக் கூடியதுதான். 'சிறு'ங்கறது காத்திருந்தவர் சொல்ல வேண்டியது, நாம இல்ல. 'ஒத்துழைப்புக்கு நன்றி'யும் வேண்டாம், அவர் ஒத்துழைக்கல, வேற வழியில்லாம காத்திருந்தார்!

திருத்தினா இப்படி வரும்:

"12ஆம் தேதி தர வேண்டிய சரக்கை நாங்கள் தாமதப்படுத்திவிட்டோம், மன்னிக்கவும். லேபிள் பிரிண்ட் தவறாக வந்ததால் மறுபடி அடிக்க மூன்று நாள் ஆனது. 13ஆம் தேதி மாலை கூரியரில் அனுப்பிவிட்டோம். 15ஆம் தேதி வந்து சேரும் என்று கூரியர் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வேலை தடைபட்டதற்கு வருந்துகிறோம்."

'சேரும்'னு மொட்டையா விடாம யார் சொன்னதுன்னு சேர்த்திருக்கறதைக் கவனிங்க, நம்ம கையில இல்லாத தேதியை நாமே வாக்கு குடுத்துட்டு அதுவும் தவறினா ரெண்டாவது மன்னிப்பு மெயில் எழுதணும்.

அனுப்பறதுக்கு முன்னாடி வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல முடிஞ்சது, நடக்குது, இனிமேதான்னு குறிச்சு, டிராக்கிங் பேஜோட ஒப்பிட்டுப் பாருங்க. கூரியர்காரங்க இன்னும் சரக்கை எடுக்கவே இல்லன்னு அதுல காட்டினா 'அனுப்பிவிட்டோம்'கூட தப்புதான், அப்ப 'பேக் செய்துவிட்டோம், இன்று மாலை கூரியரில் கொடுக்கிறோம்'னு தேதியோட எழுதணும்.