ஆங்கிலத்தில் மட்டும் திறக்கும் அலெக்சா செயலி: ரூட்டீன் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமேசானின் எக்கோ டொட் போன்ற ஸ்மார்ட் ஸ்பீக்கரை வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால், அதை வைஃபையுடன் இணைப்பதும் பாட்டுப் போடச் சொல்வதும் பெரும்பாலான வீடுகளில் ஒரே மாலையில் முடிந்துவிடும். சிக்கல் தொடங்குவது ரூட்டீன் அமைக்கும்போதுதான். குறித்த நேரத்திலோ குறித்த சொல்லைக் கேட்டவுடனோ விளக்கை ஏற்றி, வானொலியை இயக்கி, ஒரு வாக்கியத்தைச் சொல்லும்படி ஸ்பீக்கருக்கு முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்கே அலெக்சா செயலியில் Routines என்று பெயர். அந்தச் செயலியில் தமிழ் இல்லை. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் அது ஆங்கிலத்திலேயே திறக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து வீடு. மகன் துபாயில் வேலை செய்கிறார். தான் அங்கே பயன்படுத்திய ஸ்பீக்கரை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அதே கணக்கில் தன் அறைக்குப் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டார். கொழுந்துக்குப் போகும் அம்மாவுக்கு விடியற்காலை 4:30க்கு விளக்கு எரிந்து வானொலி பாட வேண்டும்; ஆங்கிலம் பேசாத பாட்டி ஒரு சொல் சொன்னால் மாலையில் பக்திப் பாடல் ஒலிக்க வேண்டும். ஏற்பாட்டைச் செய்பவர் ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த தங்கை.

செயலியின் மொழி வேறு, ஸ்பீக்கரின் மொழி வேறு

செயலி எந்த மொழியில் தோன்றுகிறதோ அதே மொழியில்தான் ஸ்பீக்கரும் கேட்கும் என்று நினைப்பதே முதல் தவறு. செயலியின் மொழி போனைப் பொறுத்தது. ஸ்பீக்கரின் மொழியோ செயலிக்குள் Devices பகுதியில் அந்த ஸ்பீக்கரைத் திறந்து, அதன் அமைப்புகளில் Language என்ற இடத்தில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது. வளைகுடாவில் முதலில் பதிவுசெய்யப்பட்ட ஸ்பீக்கர் அரபியிலோ அமெரிக்க ஆங்கிலத்திலோ இருக்கலாம். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லாததால், நம் உச்சரிப்புக்கு ஓரளவு நெருக்கமான English (India) என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரூட்டீன்களை எழுதிய பிறகு இதை மாற்றினால் குரல் கட்டளைகளை மறுபடியும் சோதிக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேலையை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

திரையைப் படம் பிடித்து கூகுள் லென்ஸ் வழியாகத் தமிழில் வாசிப்பது பயனுள்ள வழிதான். ஆனால் அது வாசிப்பதற்கு மட்டுமே உதவும். பெட்டிகளுக்குள் தட்டெழுதும் சொற்கள் ஸ்பீக்கரின் மொழியில் இருக்க வேண்டும். வாசித்த தமிழை அப்படியே அங்கே எழுதினால் எந்தக் கட்டளையும் இயங்காது.

பாட்டி சொல்லும் சொல் எப்படிக் கேட்கப்படுகிறது

குரலால் இயங்கும் ரூட்டீனுக்கு, When என்ற பகுதியில் Voice என்பதைத் தேர்ந்து ஒரு சொற்றொடரை எழுத வேண்டும். பலரும் இங்கே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள்: paattu podu. எழுதுபவருக்கு இது தெளிவான தமிழ். ஸ்பீக்கரோ பாட்டியின் குரலைக் கேட்டு, அதைத் தான் அறிந்த ஆங்கிலச் சொற்களாகவே மாற்றிக்கொள்ளப் பார்க்கும். அப்படி மாற்றிய வாசகத்தைத்தான் நாம் எழுதிய சொற்றொடருடன் ஒப்பிடும். இரண்டும் பொருந்தாதபோது ரூட்டீன் இயங்காது. தனக்குத் தெரியவில்லை என்று அது சொல்லும், அல்லது தொடர்பில்லாத ஏதோ ஒன்றைச் செய்யும். சத்தமாகச் சொன்னாலும் மெதுவாகச் சொன்னாலும் இது சரியாகிவிடாது. பாட்டியைக் குறை சொல்வது அதைவிட வீண்.

ஸ்பீக்கர் என்ன கேட்டது என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. செயலியில் Activity என்ற பகுதிக்குள் Voice History என்று ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கரிடம் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் அது புரிந்துகொண்ட வடிவில் அங்கே எழுத்தாகக் கிடக்கும். ரூட்டீனை அமைப்பதற்கு முன்பே, பாட்டி வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து, வழக்கமான குரலில், அந்தச் சொல்லைச் சில முறை சொல்லச் செய்துவிட்டு இந்தப் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வாசகமாகப் பதிவாகியிருந்தால் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிடலாம். பொருளற்றதாக இருந்தாலும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த வாசகத்தையே எழுத்துப் பிசகாமல் சொற்றொடராகக் கொடுத்துவிடலாம். இரண்டு வடிவங்கள் மாறி மாறி வந்தால் இரண்டையும் கொடுக்கலாம், ஏனெனில் ஒரே ரூட்டீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்றொடர்களைச் சேர்க்க இடமிருக்கிறது.

இதைவிட எளிய வழி, வீட்டுத் தமிழில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்வது. ஆங்கிலம் பேசாத பாட்டியும் ‘டீ டைம்’ என்று தயக்கமின்றிச் சொல்வார். அது tea time என்றே பதிவாக வாய்ப்பு மிகுதி. பக்திப் பாடலுக்கும் தேநீருக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்கலாம். ஸ்பீக்கர் கேட்காது, பாட்டிக்கு நினைவில் நின்றால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பல்புக்கோ பிளக்கிற்கோ சூட்டிய பெயரையும், light on போன்று ஸ்பீக்கருக்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளையையும் ரூட்டீனின் சொற்றொடராக வைக்கக் கூடாது. வைத்தால், எந்த வேளையில் ரூட்டீன் ஓடியது, எந்த வேளையில் விளக்கு மட்டும் எரிந்தது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

ஸ்பீக்கர் பேச வேண்டிய வாக்கியத்திலும் இதே வரம்பு உண்டு. Alexa Says என்பதன் கீழ் Customized என்ற பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால், அது ஆங்கில உச்சரிப்பிலேயே வாசிக்கும். zh என்று எழுதினாலும் ழகரம் வராது. ஆகவே இலக்கண எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு, காதுக்கு நெருக்கமாக yendiringa என்பது போலச் சுருக்கமாக எழுதி, கேட்டுப் பார்த்துத் திருத்துவதே வழி.

ஒன்றரை மணி நேரம் பிந்தும் விடியல்

நேரத்தால் இயங்கும் ரூட்டீனில், When பகுதியில் Schedule என்பதைத் தேர்ந்து 4:30 AM என்று தங்கை அமைக்கிறார். அடுத்த நாள் எதுவும் நடக்கவில்லை. அம்மா வேலைக்குப் புறப்பட ஆயத்தமாகும் 6:00 மணிக்கு விளக்கு எரிந்து வானொலி பாடுகிறது. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5:30 மணி முன்னால் இருக்கிறது; துபாய் நேரம் 4 மணி முன்னால். இடைவெளி ஒன்றரை மணி நேரம். ஆகவே ஒன்றரை மணி நேரம் பிந்தி இயங்கினால் துபாய் நேரமும், இரண்டரை மணி நேரம் பிந்தி இயங்கினால் சவூதி, கத்தார், குவைத் ஆகியவற்றின் நேரமும் பதிந்திருப்பதாகக் கொள்ளலாம். இதை உறுதிசெய்ய "Alexa, what time is it?" என்று கேட்டாலே போதும்.

ஸ்பீக்கரின் அமைப்புகளில் Time Zone என்பதைத் திறந்து கொழும்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைக்கு முதலில் கொல்கத்தா அகப்பட்டாலும் பழுதில்லை, இரண்டுக்கும் நேரம் ஒன்றே. அருகில் இருக்கும் Device Location முகவரியையும் அப்போதே மாற்றினால்தான், வானிலையைக் கேட்கும்போது துபாயின் வெயிலைச் சொல்லாது. ஆனால் பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். முன்னரே எழுதிய ரூட்டீனையும் திறந்து, நேரத்தைப் புதிதாகத் தேர்ந்து, மறுபடி Save செய்ய வேண்டும். பிறகு சில நிமிடங்களில் இயங்கும்படி ஒரு சோதனை ரூட்டீனை அமைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

நாள்களைத் தேர்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. Weekdays என்பது திங்கள் முதல் வெள்ளி வரை மட்டுமே. சனிக்கிழமையும் பெரட்டுக்குப் போகிற வீட்டில் நாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த ஸ்பீக்கர் பேசுகிறது

குரலால் தொடங்கும் ரூட்டீனில், நாம் எந்த ஸ்பீக்கரிடம் பேசினோமோ அதுவே பதிலளிக்கும்படி The device you speak to என்று விட்டுவிடலாம். நேரத்தால் தொடங்கும்போது பேசியவர் என்று எவரும் இல்லை. எனவே ஒலி எந்த ஸ்பீக்கரிலிருந்து வர வேண்டும் என்பதை நாமே காட்ட வேண்டும். பெரும்பாலும் From என்ற சிறிய வரியில், ரூட்டீனின் அடியில், அது அடங்கிக் கிடக்கும். நம் எடுத்துக்காட்டில் கணக்கு மகனுடையது என்பதால் அந்தப் பட்டியலில் துபாய் அறையிலுள்ள ஸ்பீக்கரும் இருக்கும். அதைத் தவறிப்போய்த் தொட்டால் ஹட்டனில் விளக்கு மட்டும் மௌனமாக எரிய, துபாயில் இரவு 3:00 மணிக்கு மகனின் தலைமாட்டில் வானொலி பாடத் தொடங்கும். ஸ்பீக்கர்களுக்கு Hatton என்றும் Dubai என்றும் பெயரிட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

செயல்களின் வரிசையும் முக்கியம். ஸ்பீக்கர் மேலிருந்து கீழாக அவற்றைச் செய்வதால், விளக்கு, ஒலியளவு, சொல்ல வேண்டிய வாக்கியம், கடைசியில் வானொலி என்று அடுக்க வேண்டும். வானொலியை முன்னே வைத்தால் ஒலியளவைக் குறைக்கும் செயல் உரிய நேரத்தில் வந்து சேராது. முந்திய இரவில் கூட்டி வைத்த ஒலியிலேயே லயம் முழுவதும் விழித்துக்கொள்ளும்.

சோதித்ததாக நினைத்துக்கொள்வது

ரூட்டீனின் அருகே இருக்கும் முக்கோண இயக்கக் குறியைத் தொட்டவுடன் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால், வேலை முடிந்தது என்று போனை வைத்துவிடுகிறார்கள். அந்தக் குறி செயல்களை மட்டுமே ஓட்டிக் காட்டுகிறது. சொல்லைக் கேட்டோ நேரம் வந்தோ ரூட்டீன் தானாகத் தொடங்குமா என்பதை அது காட்டாது. குறியைத் தொட்டால் இயங்கி, குரலுக்கு இயங்காவிட்டால் கோளாறு சொற்றொடரில் இருக்கிறது, Voice History பக்கம் போக வேண்டும். குறியைத் தொட்டும் இயங்காவிட்டால் செயல்களிலோ From வரியிலோ பல்பின் இணைப்பிலோ தேட வேண்டும்.

மழைக்காலத்தில் மின்சாரமும் இணைய சிக்னலும் அடிக்கடி போய் வருகிற மலைப்பகுதியில் இன்னொன்றையும் கருத வேண்டும். ரூட்டீன் இணையத்தின் வழியாகவே இயங்குகிறது. 4:30க்கு இணைப்பு இல்லாவிட்டால் அது இயங்காது. இணைப்பு பின்னர் வந்தாலும் தவறியதைத் திரும்பச் செய்யாது. முன்கூட்டியே வைத்த அலாரமோ இணையம் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கும். எனவே விளக்கையும் வானொலியையும் ரூட்டீனுக்கு விட்டுவிட்டு, எழுப்பும் பொறுப்பை ஸ்பீக்கரின் அலாரத்துக்குக் கொடுக்கலாம். மின்சாரமே போய்விட்டால் எக்கோ டொட்டில் பற்றரி இல்லை என்பதால் அதுவும் ஒலிக்காது. வேலை நாளில் அம்மாவின் போனிலும் ஓர் அலாரம் இருக்கட்டும்.