ஏலச்சீட்டில் நிஜமான வருட வட்டி எவ்வளவு?

1 லட்ச ரூபாய் சீட்டு, 20 பேர், 20 மாதம். தள்ளுபடியில் வரும் கழிவு போக முதல் 5 மாதம் 3,750 கட்டுகிறீர்கள். அடுத்த 5 மாதம் 4,000, அப்புறம் 5 மாதம் 4,250, பிறகு 4 மாதம் 4,750, கடைசியில் 5,000. மொத்தம் 84,000. கடைசி மாதம் கமிஷன் 5,000 போக 95,000 கைக்கு வருகிறது.

லாபம் 11,000. இதை 84,000-ஆல் வகுத்தால் 20 மாதத்துக்கு 13%, வருடத்துக்கு 8% கூட இல்லை என்று தோன்றும். அது தப்புக் கணக்கு. 84,000 முழுக்க 20 மாதமும் அங்கே கிடக்கவில்லையே. கடைசித் தவணை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

எக்செலில் A1 முதல் A19 வரை கட்டியதை மைனஸ் குறியோடு எழுதுங்கள். A20-இல் 95,000-லிருந்து 5,000 கழித்து 90000. அப்புறம்:

```
=(1+IRR(A1:A20))^12-1
```

சுமார் 17.4% வரும். IRR மட்டும் தருவது மாத விகிதம், 1.35% போல, அதை வருட வட்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

பணம் ஒரு மாதம் தாமதமாக வந்தால்? A20-இல் -5000, A21-இல் 95000 என்று போட்டு, சூத்திரத்தை A21 வரை நீட்டுங்கள். 15.6%-ஆக இறங்கிவிடும். அதனால் ஏல நாளை அல்ல, பணம் கைக்கு வந்த நாளையே கணக்கில் எடுங்கள். தேதிகள் ஏறுமாறாக இருந்தால் XIRR போதும், அது நேராக வருட விகிதமே தரும்.

நடுவில் சீட்டு எடுத்தவர்களுக்கு மட்டும் இந்த எண்ணை நம்ப முடியாது. மைனஸ், பிளஸ், மறுபடி மைனஸ் என்று குறி மாறுவதால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரலாம்.