தேயிலையிலிருந்து காஃபீன்: பிரிபுனலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலை வடிநீரிலிருந்து காஃபீனை டைகுளோரோமீத்தேனால் பிரித்தெடுப்பது கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமான சோதனை. விளைச்சல் குறைந்தால் பலரும் தேயிலையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காஃபீன் தொலைவது பிரிபுனலில்தான்.

முதல் தவறு, கரைப்பானை ஒரே தடவையில் ஊற்றிவிடுவது. கணக்கு எளிதாக இருக்க, காஃபீனின் பங்கீட்டு விகிதத்தை 5 என்று வைத்துக்கொள்வோம். அதாவது, சமநிலையில் டைகுளோரோமீத்தேனில் அதன் செறிவு நீரில் இருப்பதைப் போல 5 மடங்கு. வடிநீர் 100 மி.லி., கரைப்பான் 60 மி.லி. என்றால், ஒரே தடவையில் நீரில் தங்குவது 100/(100 + 5×60), அதாவது 25%. அதே 60 மி.லி.யை 20 மி.லி.யாக மூன்று முறை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் நீரில் இருப்பதில் பாதி வெளியே வரும். கடைசியில் மிஞ்சுவது 12.5% மட்டுமே. கூடுதல் செலவு இல்லாமல் இழப்பு பாதியாகிறது. நான்காவது, ஐந்தாவது முறைகளில் கிடைப்பது குறைந்துகொண்டே போகும், மூன்று போதும்.

இரண்டாவது தவறு, சூடான வடிநீரில் கரைப்பானை ஊற்றுவது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி தெறித்துவிடும். வடிநீர் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே ஊற்றுங்கள். ஃபியூம் ஹூட்டுக்குள், மூடியை அழுத்திப் பிடித்துப் புனலைத் தலைகீழாக்கி, குழாய் முனையை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, உடனே திருகைத் திறந்து ஆவியை விடுங்கள். 'உஸ்' சத்தம் அடங்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

மிகப் பெரிய தொல்லை பால்மம், அதாவது நீரும் கரைப்பானும் பிரியாமல் நுண்துளிகளாகக் கலந்து நிற்பது. டானின்களை நீரிலேயே நிறுத்தத்தான் சோடியம் கார்பனேட் சேர்க்கிறோம். ஆனால் அப்படி உருவாகும் டானின் உப்புகள் சோப்பைப் போல நடந்துகொள்ளும். வேகமாகக் குலுக்கினால் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே பழுப்பு நுரைப் பட்டை ஒன்று உருவாகி, அசையாமல் நிற்கும். ஆகவே குலுக்காமல், புனலைப் படுக்கைவாக்கில் பிடித்து 2-3 நிமிடம் மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தாலே போதும்.

பட்டை விழுந்துவிட்டால் மறுபடி குலுக்காதீர்கள். பத்து நிமிடம் தாங்கியில் விட்டு, இடையிடையே லேசாகச் சுழற்றுங்கள். கலையவில்லை என்றால் சில கிராம் சமையல் உப்பைப் போட்டுக் கரையுங்கள். நீரடுக்கில் உப்பு ஏறும்போது கரைப்பான் துளிகள் ஒன்றுசேரும், காஃபீனும் நீரைவிட்டு வெளியேற இன்னும் தூண்டப்படும். அதற்கும் மசியாத பால்மத்தைத் தனியே இறக்கி, கண்ணாடிப் பஞ்சு வழியாக வடிகட்டுங்கள்; மையவிலக்கி இருந்தால் வேலை இன்னும் சுலபம். நுரைதானே என்று கொட்டிவிடாதீர்கள், அதற்குள் சிக்கிய கரைப்பானிலும் காஃபீன் இருக்கிறது.

அடியில் நிற்பது டைகுளோரோமீத்தேன். அதன் அடர்த்தி 1.33. சந்தேகம் வந்தால் ஒரு துளி நீர் விட்டு, அது எந்த அடுக்கோடு கலக்கிறது என்று பாருங்கள். மூடியைத் திறந்த பிறகுதான் திருகைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் நின்று நின்று வரும். மூன்று வடிப்புகளையும் சேர்த்து, நீரற்ற சோடியம் சல்பேட்டால் ஈரம் போக்கி, கரைப்பானை ஆவியாக்கி, காஃபீனை எடைபோடும்வரை நீரடுக்கையும் கொட்டாமல் வைத்திருங்கள்.