பாம்பர்ஸை எப்போது கழற்றலாம்? வயதைவிட அறிகுறியைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தாமானில் பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆனாலே பாட்டிமார் தொடங்கிவிடுவார்கள்: "உங்கப்பனெல்லாம் ஆயாக்கொட்டகையில ஒரு வயசுலயே பழகிட்டான். இவனுக்கு இன்னும் பாம்பர்ஸா?"

உண்மையில் அங்கே பழகியிருந்தவர் ஆயாதான். நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தார். பிள்ளை தானே உணர்ந்து, அடக்கி, சொல்லிவிட்டுப் போவது வேறு. அது பெரும்பாலும் 2 வயதுக்கும் 3 வயதுக்கும் நடுவில்தான் கைகூடும்.

முதலில், சில நாள் கவனியுங்கள். பாம்பர்ஸ் இரண்டு மணி நேரம் காய்ந்திருக்கிறதா? வெளிக்கு வரும்போது திரைக்குப் பின்னால் போய் ஒளிகிறானா? "சிலுவாரைக் கழற்றி வாளியில் போடு" என்றால் இரண்டையும் செய்கிறானா? இதெல்லாம் தெரிந்தால் தொடங்கலாம். ஒன்றுதான் தெரிகிறது என்றால் பொறுங்கள். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 27 மாதத்துக்கு முன்பே மும்முரமாகப் பழக்கப்பட்ட பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிடவில்லை; பழக்கும் காலம்தான் நீண்டது.

அடுத்து, மலம் இளகலாகப் போகிறதா என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 20 மாதம். தாஸ்காவில் சேர்க்கும் அவசரத்தில் பாம்பர்ஸை நிறுத்திவிட்டார்கள். ஏற்கனவே அவனுக்குக் கட்டியாகத்தான் போகும். நாள் முழுக்கப் பால்தான் சாப்பாடு. உட்கார வைத்து அதட்ட, வலிக்குப் பயந்து அடக்கத் தொடங்கினான். அடக்கினால் மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடும். இன்னும் இறுகும், இன்னும் வலிக்கும். காலை இறுக்கிக்கொண்டு, முகம் சிவந்து, நுனிக்காலில் நிற்பான். முக்குகிறான் என்று வீட்டில் நினைத்தார்கள். பிறகு சிலுவாரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. அது வயிற்றுப்போக்கு இல்லை, தேங்கிய கட்டியைச் சுற்றி ஒழுகுவது. அவன் அம்மா அடிக்கக் கை ஓங்கினார். பாவம், அவனுக்கு வருவதே தெரியாது.

கிளினிக்கில் மலத்தை இளக்க லாக்டுலோஸ் கொடுத்து, பாம்பர்ஸைத் திரும்பப் போடச் சொன்னார்கள். பாலைக் குறைத்து, தண்ணீரும் பப்பாளியும் கூட்டினார்கள். இரண்டரை வயதுக்கு மேல் மறுபடி தொடங்கியபோது அடம் இல்லை.

பிறகுதான் உட்கார வைப்பது. குந்தும் கழிவறைக் குழி சின்னப் பிள்ளைக்கு அகலம், பயம் வேறு. பாதம் தரையில் பதியும் சின்னப் பிளாஸ்டிக் கழிப்பு நாற்காலி வாங்குங்கள். சாப்பிட்டவுடன் குடல் அசையும். அரை மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் உட்காரட்டும். வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். சிறுநீருக்குச் சரி, மலத்துக்கு மட்டும் பாம்பர்ஸ் கேட்கிறானா? கொடுத்துவிடுங்கள், அடக்குவதற்கு அது மேல்.

இரவுக் கணக்கு தனி. 5 வயதில்கூடப் பாயை நனைக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு, அதற்குப் பயிற்சி வேண்டாம். மலத்தில் இரத்தம், வயிறு உப்பல், அல்லது காய்ந்திருந்த பிள்ளை திடீரென நனைக்கத் தொடங்குவது என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.