இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீங்க

என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது, மறந்துவிடக் கூடாதே என்று இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தாள். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் குடல் உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடும், காபியும் அப்படித்தான். மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 1 மணி நேரம், முடிந்தால் 2 மணி நேரம் டீ வேண்டாம். அவளை 11 மணிக்கு எலுமிச்சை ஜூஸோடு போடச் சொன்னேன், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் எளிதாக உறிஞ்சும் வடிவத்தில் வைத்திருக்கும்.

அப்புறம் இந்த மாத்திரையால் வரும் மலச்சிக்கல். தண்ணீர், கீரை, கொய்யா எல்லாம் ஓரளவு உதவும். மலம் கறுப்பாகப் போவதும் இந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள். மலச்சிக்கல் தாங்க முடியவில்லை என்றாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்வதும் உண்டு.