200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி: வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் தயார் செய்யும் முறை

ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படத்துக்கு இரண்டு கணக்கு சொல்வார்கள். படம் 200 × 230 பிக்சல் இருக்க வேண்டும், ஃபைல் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு. பிக்சல் என்பது படத்தின் அகலமும் உயரமும். கேபி என்பது அந்தப் படம் ஃபைலாகச் சேமிக்கப்படும்போது பிடிக்கும் இடம். அதனால் முதலில் பிக்சலைச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் கேபிக்குப் போக வேண்டும்.

இதற்கு நான் சொல்வது GIMP என்ற படத் திருத்த மென்பொருள். gimp.org தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். படத்தை ஏற்றினால் சுருக்கித் தரும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் உங்கள் முகமும் கையெழுத்தும் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

1. நல்ல மூலப்படம்

போனில் எடுத்த படத்தைக் கணினிக்குக் கேபிள் வழியாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப்பே அதைச் சுருக்கிவிடும். மூலப்படத்தின் மேல் சேமிக்காமல், எப்போதும் புதுப் பெயரில் சேமியுங்கள். ஜேபிஜி படத்தைத் திறந்து திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

2. முதலில் வெட்டுங்கள், பிறகு சுருக்குங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். போன் படம் 3000 × 4000 என்று வைத்துக்கொள்வோம். அதன் அகலத்தை 200 ஆக்கினால் உயரம் தானாக 267 வரும். அதை வலுக்கட்டாயமாக 230 ஆக்கினால் முகம் மேலிருந்து அமுங்கி, கன்னம் அகன்று தெரியும். ஆளை அடையாளம் பார்க்கத்தான் இந்தப் படமே. அதனால் இதில் அலட்சியம் வேண்டாம்.

படத்தை GIMP-இல் திறங்கள். படத்தைத் திருப்பவா என்று கேட்டால் `Rotate` கொடுங்கள். `Shift+C` அழுத்தினால் வெட்டும் கருவி வரும். அதன் அமைப்புகளில் `Fixed` என்பதை டிக் செய்து, பக்கத்தில் `Aspect ratio` தேர்ந்தெடுத்து, கீழே உள்ள பெட்டியில் `200:230` என்று தட்டுங்கள். இனி எப்படி இழுத்தாலும் கட்டம் அந்த விகிதத்திலேயே நிற்கும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, தோள்பட்டை வரை வரும்படி கட்டத்தை வைத்து Enter அழுத்துங்கள். கிடைப்பது 1800 × 2070 போல ஏதாவது ஓர் அளவில் இருக்கும். அது பரவாயில்லை.

3. பிக்சல்

`Image` மெனுவில் `Scale Image` திறங்கள். அலகு `px` என்று இருக்கிறதா பாருங்கள். `Width` பெட்டியில் 200 கொடுத்தால் உயரம் 230 ஆகிவிடும். 229 என்று வந்தால் பக்கத்தில் உள்ள சங்கிலியைச் சொடுக்கிப் பிரித்துவிட்டு 230 என்று மாற்றுங்கள். ஒரு பிக்சல் வித்தியாசம் முகத்தில் தெரியாது.

4. கேபி

`File` மெனுவில் `Export As` போய், பெயரை `photo.jpg` என்று கொடுத்து `Export` அழுத்துங்கள். வரும் பெட்டியில் `Show preview in image window` என்பதை டிக் செய்தால், ஃபைல் எத்தனை கேபி வரும் என்று அங்கேயே தெரியும். `Quality` அளவை நகர்த்த நகர்த்த அந்த எண்ணும் மாறும்.

எல்லோரும் 50-ஐத் தாண்டிவிடுமோ என்றுதான் பயப்படுவார்கள். 200 × 230 என்பது மிகச் சிறிய படம். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தால் ஃபைல் 20 கேபியைக்கூடத் தொடாமல் போகலாம். ஒரே நிறமாக இருக்கும் பகுதியை ஜேபிஜி மிகச் சுருக்கமாகச் சேமித்துவிடும் என்பதே காரணம். அப்போது `Quality`-ஐ 95, 98 என்று ஏற்றிப் பாருங்கள். 100 வைத்தும் போதவில்லை என்றால் `Cancel` கொடுத்து, `Ctrl+Z` அழுத்திப் பழைய அளவுக்குத் திரும்பி, 400 × 460 ஆகச் சுருக்கிப் பாருங்கள். 200 × 230 என்ற பிக்சல் அளவு, ஐ.பி.பி.எஸ். அறிவிப்பில் விரும்பத்தக்க அளவு என்றுதான் இருக்கும். கேபி வரம்பை மட்டும் மீறக் கூடாது. வேறு தேர்வு என்றால் அதன் அறிவிப்பில் பிக்சல் கட்டாயமா என்று படித்துவிடுங்கள்.

எல்லையை ஒட்டி நிறுத்தாமல் 25 முதல் 45 கேபிக்குள் வைப்பது நல்லது. சேமித்த ஃபைலை வலது சொடுக்கி `Properties` பாருங்கள். அங்கே `Size` என்ற வரிதான் நமக்கு வேண்டியது. `Size on disk` வேறு கணக்கு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கையெழுத்து

இதற்கு 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, நல்ல வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படமெடுத்து, விகிதத்தை `140:60` என்று மாற்றி அதே வேலையைச் செய்யுங்கள். முக்கால்வாசி வெள்ளையாக இருப்பதால் இங்கே 10 கேபி எட்டாமல் போக வாய்ப்பு இன்னும் அதிகம். 280 × 120 ஆக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் முழுதும் பெரிய எழுத்தில் போடாதீர்கள், அதை ஏற்க மாட்டார்கள்.